தூணின் படமும் பொறியாளரின் குறிப்பும்

மும்பையிலும் நவி மும்பையிலும் நம்மவர்களில் பலர் குடியிருப்பது கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டிகளில்தான். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், அதன்மேல் நான்கைந்து மாடிகள். கட்டடத்துக்கு வயதாகிவிட்டால், சொசைட்டியின் பொதுக்குழுவில் என்றாவது ஒருநாள் ஒரு தூணின் போட்டோவும், அதனுடன் ஒரு சைட் என்ஜினியரின் அரைப்பக்கக் குறிப்பும் சுற்றுக்கு வரும். அதைப் பார்த்துத்தான் நாம் கை தூக்குகிறோம், பணமும் கட்டுகிறோம். கட்டடப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அப்படிப்பட்ட குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு தூணை வைத்துச் சொல்கிறேன்.

நவி மும்பையில் 1988இல் கட்டிய ஒரு நான்கு மாடிக் கட்டடம். ஸ்டில்ட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு தூண். அதன் அடிப்பாகத்தில் பூச்சு உதிர்ந்து, உள்ளே ஜல்லியும் துருப்பிடித்த கம்பியும் தெரிந்தன. எங்கள் குழுவில் இருந்த இளம் பொறியாளர், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, படம் எடுத்துக்கொண்டு வந்து இப்படி எழுதியிருந்தார்: "தூண் மிக மோசமான நிலையில் உள்ளது. ஹனிகோம் காணப்படுகிறது. கம்பிகள் துருப்பிடித்துள்ளன. உடனே பழுதுபார்க்க வேண்டும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எந்தத் தூண், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு காண்டிராக்டரோ, மழைக்கு முன் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்துத் தந்துவிடுவதாகக் கமிட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மோசம்" என்ற சொல்லுக்கு அந்தப் பூச்சு வேலையே போதும் என்று கமிட்டி நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

"தம்பி, இந்தப் படத்தில் இரண்டு விதமான சேதம் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்" என்றேன்.

"எப்படி சார்? எல்லாம் ஒரே இடத்தில்தானே இருக்கிறது?" என்றார் அவர்.

அவர் கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரம். ஹனிகோம் என்பது தூண் பிறந்த அன்றே வந்த குறை. கான்கிரீட்டை உயரத்திலிருந்து கொட்டும்போது ஜல்லி தனியாகவும் சாந்து தனியாகவும் பிரிந்து போகும். ஷட்டரிங் பலகையின் அடியில் இடுக்கு இருந்தால் சிமெண்ட் பால் அதன் வழியே ஒழுகிவிடும். கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் அடிப்பாகத்தில் நெருக்கம் அதிகம். வைப்ரேட்டர் அங்கே சரியாக இறங்காது. இதனால்தான் தூணில் ஹனிகோம் பெரும்பாலும் காலடியிலேயே இருக்கும். துருவோ பிறகு வந்த நோய். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைக் குறைத்த பிறகுதான், ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பியைத் தின்னத் தொடங்கும். கடலோரத்தில் உப்பும் துணைக்கு வரும். ஹனிகோம் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் குறுக்கு வழி கிடைத்துவிடும்.

படத்தில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? ஹனிகோம் உள்ள இடத்தில் ஜல்லிக் கற்கள் முழுசாக, பொரி உருண்டையை உடைத்தாற்போல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். கற்களுக்கு நடுவே சாந்து இருக்காது, பொந்துதான் இருக்கும். துரு தள்ளி உடைத்த இடம் வேறு மாதிரி. துருவின் பருமன், அது உண்டாகக் காரணமான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை ஆகும். அது உள்ளிருந்து நெம்பும்போது மேல் கான்கிரீட் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். பெயர்ந்த இடம் ஓரளவு தட்டையாக, சாந்து கெட்டியாகச் சூழ்ந்த கற்களுடன் இருக்கும். கம்பி படுத்திருந்த தடமும் பழுப்புக் கறையாகப் பதிந்திருக்கும். கம்பியின் நேர்க்கோட்டிலேயே மேல்நோக்கி ஒரு வெடிப்பும் ஓடும். எங்கள் படத்தில் கீழே முதல் வகையும் அதற்கு மேலே இரண்டாவது வகையும் இருந்தன.

அந்தப் பையனை டேப்பும் மெல்லிய கம்பித் துண்டும் கொடுத்துத் திரும்ப அனுப்பினேன். தூரத்திலிருந்து தூண் முழுவதும் தெரிய ஒரு படம், நடுத் தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் டேப்பைச் சாத்தி வைத்து ஒன்று. நான்கு பக்கங்களுக்கும் இப்படியே. டேப் இல்லாத படத்தில் ஒரு சாண் பள்ளமும் ஒரு விரல் பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். திரும்பி வந்து அவர் எழுதிய குறிப்பைத் தமிழில் தருகிறேன்:

"தூண் எண் 7, ஸ்டில்ட் தளம், மாடிப்படியை ஒட்டியது. அளவு 230 × 450 மி.மீ. படம் கிழக்கு முகம் (450 மி.மீ. அகலமான பக்கம்). தரையிலிருந்து 400 மி.மீ. உயரம் வரை, தெற்கு மூலையிலிருந்து 300 மி.மீ. அகலத்துக்கு, சாந்தில்லாத ஜல்லி. கம்பித் துண்டு செருகியதில் அதிகபட்ச ஆழம் 55 மி.மீ. அதற்கு மேல் 400 முதல் 700 மி.மீ. வரை கான்கிரீட் பெயர்ந்து விழுந்துள்ளது. அங்கிருந்து மேல்நோக்கி, மூலைக் கம்பியின் நேரில் 500 மி.மீ. நீள வெடிப்பு. நேர்க்கம்பிகள் இரண்டு தெரிகின்றன. ரிங்குகள் மூன்று தெரிகின்றன, இடைவெளி சுமார் 200 மி.மீ. நடு ரிங் தெற்கு மூலையில் அறுந்துள்ளது. பெயர்ந்த விளிம்பில் ரிங்குக்கு வெளியே கான்கிரீட் 15 மி.மீ.தான். ஜல்லிப் பொந்தின் மேல் சுமார் 20 மி.மீ. சிமெண்ட் பூச்சு நேராக ஒட்டியிருக்கிறது. மேற்கு முகம் மீட்டர் பெட்டிச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் பார்க்க முடியவில்லை. கம்பியின் மிஞ்சிய கனம் இன்னும் அளக்கப்படவில்லை."

இதில் "மோசம்" என்ற சொல்லே இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர் இதைப் படித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காரணம் இரண்டு கணக்குகள்.

முதலாவது ஆழம். வெளியே 15 மி.மீ. கான்கிரீட், பிறகு 8 மி.மீ. ரிங், பிறகு 16 மி.மீ. நேர்க்கம்பி. கூட்டினால் 39. பொந்தின் ஆழமோ 55. ஆகவே கம்பிக்குப் பின்புறமும் கான்கிரீட் இல்லை, கம்பி அந்தரத்தில் நிற்கிறது. தூணின் நேர்க்கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மி.மீ. கான்கிரீட் வேண்டும் என்று ஐ.எஸ். 456 விதி சொல்கிறது. கட்டடம் எழுந்தபோது நடப்பில் இருந்த 1978ஆம் ஆண்டுப் பதிப்பிலும், பிறகு வந்த 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இதுவேதான். இங்கே இருப்பது 23. மேலே உள்ள பூச்சை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது ரிங். தூணின்மேல் சுமை அழுத்தும்போது நேர்க்கம்பி பக்கவாட்டில் வளைந்து வெளியே பிதுங்கப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது ரிங்தான். இந்தத் தூணுக்கு விதிப்படி ரிங் இடைவெளி 230 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 200 இருந்தவரை குறையில்லை. நடு ரிங் அறுந்ததும் மூலைக் கம்பியின் பிடிப்பில்லாத நீளம் 400 ஆகிவிட்டது. பின்னால் கான்கிரீட்டும் இல்லை, பக்கத்தில் ரிங்கும் இல்லை. பயப்பட வேண்டியது துருவின் நிறத்துக்கு அல்ல, இதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த கம்பி படத்தில் தடித்துத் தெரியும். துருவோடு சேர்த்து அளந்தபோது எங்கள் மூலைக் கம்பி 19 மி.மீ. காட்டியது. முட்டுக் கொடுத்த பிறகு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் 13.5தான். 16க்கு 13.5 என்றால் கொஞ்சம்தானே குறைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் கம்பியின் பலம் அதன் வெட்டுப்பரப்பில் இருக்கிறது. பரப்புக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 29 பங்கு போய்விட்டது. அதனால்தான் படத்தை மட்டும் பார்த்து "கம்பி இவ்வளவு தேய்ந்திருக்கிறது" என்று எழுதக் கூடாது. "அளக்கப்படவில்லை" என்று எழுதுவதே சரி.

பூச்சைப் பற்றிய வரியையும் கவனியுங்கள். பூச்சு பொந்தின்மேல் நேராக ஒட்டியிருந்தது என்றால், ஷட்டரிங் பிரித்த அன்றே யாரோ பொந்தைப் பார்த்துவிட்டுப் பூசி மறைத்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஆனால் அது ஊகம்தான். குறிப்பில் கண்டதை முதலில் எழுதி, ஊகத்தைத் தனித் தலைப்பில் போட வேண்டும். இரண்டும் கலந்தால், ஊகம் தவறாகும் நாளில் கண்டதையும் யாரும் நம்ப மாட்டார்கள். காண்டிராக்டர் இப்போது செய்வதாகச் சொன்னதும் அதே பூச்சு வேலைதான் என்பது கமிட்டிக்கு அந்த வரியைப் படித்தவுடனே புரிந்துவிட்டது.

குறிப்பைப் பார்த்த ஸ்டிரக்சுரல் என்ஜினியர் அன்றே இரண்டு காரியம் சொன்னார். தூணின் இருபுறமும் உத்தரங்களுக்கு அடியில் இரும்பு முட்டுகள். அது முடியும்வரை யாரும் தூணில் உளி வைக்கக் கூடாது, அந்த வரிசையில் வண்டியும் நிற்கக் கூடாது. சுமை தாங்கி நிற்கும் தூணில் உளுத்த இடத்தைக் கொத்துவது, மிஞ்சியிருக்கும் பலத்தையும் கொத்தி எடுப்பதுதான். முட்டுக் கொடுத்த பிறகு மீட்டர் பெட்டிச் சுவரை உடைத்து மேற்கு முகத்தைப் பார்த்தோம். அங்கே கான்கிரீட் கெட்டியாகவே இருந்தது. உளுத்ததை எடுத்து, கம்பியைச் சுற்றிலும் சுத்தம் செய்து, புதுக் கம்பியும் ரிங்கும் கட்டி, மைக்ரோ கான்கிரீட்டால் தூணைச் சுற்றி உறை போட்டார்கள்.

உங்கள் சொசைட்டியில் இப்படி ஒரு படம் வந்தால், அதனுடன் வரும் குறிப்பில் மூன்றைத் தேடுங்கள். எந்தத் தூணின் எந்த முகம், தரையிலிருந்து எத்தனை உயரம் என்று எழுதியிருக்கிறதா? பொந்தின் ஆழமும் ரிங்கின் நிலையும் இருக்கின்றனவா? எது பார்க்கப்படவில்லை, எது அளக்கப்படவில்லை என்று சொல்லியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பொறியாளரைத் திரும்ப அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு எஸ்டிமேட்டைப் பற்றிப் பேசுங்கள்.