போனை வைத்ததும் எழுத வேண்டிய பட்டியல்

பில்லிங் மென்பொருள் வாங்கிய கடைக்காரரிடம் முதல் நாள் முக்கால் மணி நேரம் பேசினால், வேலைக்கு ஆகும் தகவல் பத்து வரிகூடத் தேறாது. அந்தப் பத்து வரியைச் சரியாகப் பிரித்தால் கடை சொன்ன தேதியில் ஓடத் தொடங்கும்.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்: "ஸ்டாக் லிஸ்ட் எக்செல்ல இருக்கு சார், அக்கவுண்டன்ட்கிட்ட சொல்லி அனுப்பிடறேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து இதுலயே பில் போட்டுடலாம். பின் தெருவுல ஒரு குடோன் இருக்கு, பைப் மட்டும் அங்க கிடக்கு."

இதைக் கேட்டு 'ஸ்டாக் விவரம் வேண்டும்' என்று மட்டும் எழுதிக்கொள்பவர்கள்தான் அதிகம். அப்படி எழுதினால் மூன்று மாதப் பழைய கோப்பு வந்து சேரும்; யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. எழுத வேண்டியது இது: முந்தின மாதக் கடைசி நாள் இரவு நிலவரப்படி, கடைக்கும் குடோனுக்கும் தனித்தனியாக, பொருளின் பெயர், எச்எஸ்என் குறியீடு, அளவு, கொள்முதல் விலை. அனுப்புபவர் அக்கவுண்டன்ட். அவர் அந்தப் பேச்சில் இல்லாததால், அவருடைய போன் எண்ணும் வாங்க வேண்டியவற்றில் ஒன்று.

குடோன் போகிற போக்கில் வந்த சொல். நம் பக்கம் அது ஒரு வேலை: மென்பொருளில் இரண்டாவது இருப்பிடம் திறப்பது. அவர் பக்கம் ஒரு கேள்வி: ஜிஎஸ்டி பதிவில் அந்த முகவரி கூடுதல் வணிக இடமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? பதிவுச் சான்றிதழின் படத்தைக் கேட்டால் இதற்கும் விடை கிடைக்கும், ஜிஎஸ்டி எண்ணும் கிடைக்கும். பதினைந்து எழுத்துள்ள அந்த எண்ணைப் போனில் கேட்டு எழுதுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. 'பி'யும் 'டி'யும் காதில் ஒன்றாகத்தான் விழும்.

'ஒண்ணாம் தேதி' என்பதற்குள்ளும் ஒரு விவரம் ஒளிந்திருக்கிறது. நிதியாண்டின் நடுவில் மாறுகிறவர் என்றால் பழைய பில் புத்தகத்தின் கடைசி எண் தேவை. ஒரே நிதியாண்டில் அதே பில் எண் இரண்டு முறை வரக்கூடாது. பழைய வரிசையைத் தொடர்வதா, முன்னெழுத்துச் சேர்த்துப் புது வரிசை தொடங்குவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இது நம் வேலையும் அல்ல, அவர் அனுப்ப வேண்டிய தகவலும் அல்ல, முடிவாகாத விஷயம். இப்படிப்பட்டவற்றைத் தனியாகக் குறிக்காவிட்டால், அமைக்கிறவர் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடுவார்.

ஒவ்வொரு வரியிலும் யார், எந்தத் தேதிக்குள் என்பதோடு, அது வராவிட்டால் எது நிற்கும் என்பதும் இருக்கட்டும். பிரிண்டர் காகித அளவு தாமதமானால் பெரிய நஷ்டமில்லை. ஸ்டாக் கோப்பு தாமதமானால் ஒண்ணாம் தேதியே தள்ளிப்போகும். அந்த வரியைப் பட்டியலின் தலையில் போட்டு, அன்று மாலைக்குள் உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் ஆனால், சொன்னது அவருக்கும் மறந்திருக்கும்.