முகத்தைச் சுற்றி ஏன் இந்த இருட்டுக் கோடு?

ஒருவர் முகத்தை எடுத்து இன்னொருவர் உடலில் பொருத்திய காணொளிகளைக் கைப்பேசியில் நிறையப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் கன்னத்தின் ஓரத்திலும் தாடைக்குக் கீழும் கரி பூசியது போன்ற மெல்லிய பட்டை தெரியும். முகம் நன்றாகப் பொருந்தியிருந்தும் அந்தப் பட்டை குட்டை உடைத்துவிடும். பல சமயம் அதற்குக் காரணம் முகத்தை வெட்டிய விதம் அல்ல, ஓரத்தில் கலந்த கணக்கு.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கிறது. 255 முழு வெளிச்சம் என்றால் 128 பாதி வெளிச்சம் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் 128 என்ற எண் திரையில் தருவது முழு வெளிச்சத்தில் சுமார் 22 விழுக்காடுதான். பாதி வெளிச்சம் வேண்டுமென்றால் எண் 188 ஆக இருக்க வேண்டும். நம் கண்ணுக்கு இருண்ட பகுதியில் உள்ள சிறு வேறுபாடுகள் நன்றாகப் புலப்படும். வெளிச்சமான பகுதியில் அவ்வளவு புலப்படாது. எனவே கைவசம் உள்ள 256 எண்களில் அதிகமானவற்றை இருட்டுப் பக்கத்துக்கு ஒதுக்கி, அளவுகோலை வளைத்து வைத்திருக்கிறார்கள். இந்த வளைவுக்குத்தான் காமா என்று பெயர். சேமித்து வைக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டல் கணக்குக்கு உதவாது.

பொருத்தும் முகத்தின் ஓரத்தைக் கத்தரித்தாற்போல் விடுவதில்லை. மாஸ்க் என்னும் கறுப்பு-வெள்ளைப் படம், எந்தப் புள்ளியில் முகம் எத்தனை பங்கு என்று சொல்கிறது. ஓரத்தில் அந்தப் பங்கு 1-லிருந்து 0-வுக்கு மெதுவாக இறங்கும். கேமராவிலும் இதே போன்றதுதான் நடக்கிறது. பாதி கன்னமும் பாதி பின்னணியும் விழும் ஒரு புள்ளிக்கு, கன்னத்தின் ஒளியில் பாதியும் பின்னணியின் ஒளியில் பாதியும் வந்து சேர்கின்றன. அங்கே கூடுவது ஒளி. எண்கள் அல்ல.

அந்தி வெயில் பட்ட முகம் ஒன்றை இலைகளுக்கு முன் வைத்துப் பார்ப்போம். முகத்தின் நிறம் 230, 120, 90. இலையின் நிறம் 90, 170, 60. இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசம்தான், தலா 31 விழுக்காடு. நடு ஓரத்தில் எண்களை அப்படியே சராசரி எடுத்தால் 160, 145, 75 கிடைக்கும். அதன் பிரகாசம் 28 விழுக்காடு. முகத்தையும் விட இருட்டு, இலையையும் விட இருட்டு. இதுதான் அந்தக் கரிப்பட்டை.

தவறு பெரும்பாலும் சிவப்பில் நேர்ந்தது. 230 என்பது 79 விழுக்காடு ஒளி, 90 என்பது 10 விழுக்காடு. இரண்டின் நடு 45. ஆனால் 160 என்ற எண் தருவதோ 35 மட்டுமே. வளைவை நீக்கி ஒளியாக மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி வளைத்தால் சிவப்பு 178 ஆகிறது. முழு நிறம் 178, 148, 77. பிரகாசம் 31 விழுக்காட்டிலேயே நிற்கிறது, பட்டை மறைந்துவிடுகிறது.

கணினியில் செய்யும்போது sRGB படத்தின் எண்ணை 255-ஆல் வகுத்து, வரும் விடை `v` என்றால், இருண்ட நுனியைத் தவிர மற்ற இடங்களில் ஒளியின் அளவு இது:

```
L = ((v + 0.055) / 1.055) ** 2.4
```

`v` 0.04045-க்கு மேல் போகாவிட்டால், அதை 12.92-ஆல் வகுத்தால் போதும். முகம், பின்னணி இரண்டையும் இப்படி மாற்ற வேண்டும். மாஸ்க்கை மட்டும் தொடக்கூடாது. அது பங்கைச் சொல்லும் எண், ஒளி அல்ல. அதையும் வளைவு நீக்கினால் பாதி என்பது கால் பங்கையும் விடக் குறைந்து, முகம் சுருங்கிப் போகும். இடையில் கிடைக்கும் விடைகளைத் தசம எண்களாகவே வைத்திருங்கள். மறுபடி 256 படிகளுக்குள் அடக்கினால் நிழல் பகுதியில் படிக்கட்டு போல வரிகள் விழும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு `Color Settings` பகுதியில் `Blend RGB Colors Using Gamma` என்ற தேர்வு உண்டு. அதை `1.00` என்று வைத்தால் அடுக்குகள் ஒளிக்கணக்கில் கலக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பட்டை போகவில்லையா? அப்படியானால் நோய் வேறு. முகத்தைத் திருப்பி, வளைத்துப் பொருத்தும்போது அதைச் சுற்றியுள்ள வெற்றிடம் கறுப்பாக, அதாவது 0 ஆக நிரம்பியிருக்கும். மாஸ்க் சற்று அகலமாக இருந்தால் அந்தக் கறுப்பும் கலவைக்குள் நுழைந்துவிடும். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எளிது. முகப் படத்துக்கும் பின்னணிப் படத்துக்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசி, அதே மாஸ்க்கால் அதே வேலையைச் செய்து பாருங்கள். ஒரே நிறத்தோடு ஒரே நிறம் கலந்தால் காமாவினால் பிழை வர வழியே இல்லை. அப்போதும் கோடு தெரிந்தால் வெளிக் கறுப்பு கசிகிறது என்று பொருள். மாஸ்க்கைச் சில புள்ளிகள் உள்ளே சுருக்கி, பிறகு ஓரத்தை மென்மையாக்கினால் அது சரியாகும்.

இன்னொன்று. வெளிறிய கன்னமும் கருங்கூந்தலும் சந்திக்கும் இடத்தில், ஒளிக்கணக்கில் கலந்தால் வெளிச்சப் பக்கம் சற்று அகன்றது போல் தெரியும். பழைய முறைக்கு ஏற்ப மாஸ்க்கை வரைந்து பழகியவர்கள் முகம் பெருத்துவிட்டது என்று குறைபடுவார்கள். கணக்கு சரிதான். மாஸ்க்கைத்தான் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும்.