நான்கு தேர்வுகள், ஆறு எண்கள்

ஏழாம் வகுப்பு மாணவர்கள் 140 பேர். ஒவ்வொருவருக்கும் நான்கு தேர்வுகள்: வாசிப்பு வேகம், வாசிப்புத் திறன், கணக்கு வேகம், கணக்குத் திறன். ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1936இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்த மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். வாசிப்பு என்கிற தொகுதிக்கும் கணக்கு என்கிற தொகுதிக்கும் எவ்வளவு உறவு?

தனித்தனியாகப் பார்த்தால் உறவு சொற்பம்தான். வாசிப்பு வேகத்துக்கும் கணக்கு வேகத்துக்கும் ஒட்டுறவு 0.24. வாசிப்பு வேகத்துக்கும் கணக்குத் திறனுக்கும் 0.06. வாசிப்புத் திறனை எடுத்தால், கணக்கு வேகத்தோடு −0.06, கணக்குத் திறனோடு 0.07. தொகுதிக்குள் மட்டும் உறவு வலுவாக இருக்கிறது: வாசிப்பின் இரண்டு தேர்வுகளுக்கு இடையே 0.63, கணக்கின் இரண்டுக்கும் இடையே 0.42.

ஹோட்டலிங் செய்தது இதுதான். வாசிப்புத் தேர்வுகள் இரண்டுக்கும் எடை போட்டு ஒரு கூட்டு மதிப்பெண் செய்தார். கணக்கிலும் அப்படியே ஒன்று. இந்த இரண்டு கூட்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு எந்த எடைகளுக்கு மிக அதிகமாகும் என்று தேடினார். கிடைத்த விடை 0.39. இதற்குத்தான் கனானிக்கல் ஒட்டுறவு என்று பெயர். முதல் ஜோடியோடு தொடர்பே இல்லாத இரண்டாவது ஜோடியையும் இதே வழியில் எடுக்கலாம். அதன் ஒட்டுறவு 0.07. சிறிய தொகுதியில் எத்தனை மாறிகளோ, அத்தனை ஜோடிகள் கிடைக்கும்.

உளவியல், கல்வியியல், சமூகவியல் ஆய்வுகளில் இந்த முறை அடிக்கடி வருகிறது. நான் படிக்கும் வரைவுகள் பலவற்றில் ‘கனானிக்கல் ஒட்டுறவு 0.39, p < 0.001’ என்ற வரியோடு முடிவுப் பகுதி நின்றுவிடுகிறது. அந்தக் கூட்டு மதிப்பெண்கள் எதனால் ஆனவை, அவை எவ்வளவைத் தாங்குகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கே பதில் இருப்பதில்லை. முதல் கேள்விக்கு லோடிங்கும் இரண்டாவதற்கு ரிடன்டன்சியும் பதில் சொல்கின்றன. ஹோட்டலிங்கின் மாணவர்களை வைத்தே இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் எடைகள். எல்லா மதிப்பெண்களையும் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கின்றன என்ற அளவுக்கு மாற்றிக்கொண்டால், வாசிப்புக் கூட்டு மதிப்பெண் என்பது வேகத்தின் 1.26 மடங்கிலிருந்து திறனின் 1.03 மடங்கைக் கழித்தால் வருவது. ஒரு மாணவி வேகத்தில் சராசரிக்கு ஒரு திட்டவிலக்கம் மேலே, திறனில் சரியாகச் சராசரி என்று வையுங்கள், அவளுக்கு 1.26. அவள் பக்கத்தில் இருப்பவள் இரண்டிலுமே ஒரு திட்டவிலக்கம் மேலே. அவளுக்கு வெறும் 0.23. நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு இந்த மதிப்பெண் கூடுவதில்லை. தன் திறனுக்கு மிஞ்சிய வேகத்தில் வாசிக்கும் பிள்ளைக்குத்தான் கூடுகிறது. கணக்குப் பக்கத்தில் வேகத்துக்கு எடை 1.10, திறனுக்கு −0.45.

எடைகளை மட்டும் அச்சிட்டால் வாசகர் என்ன நினைப்பார்? வாசிப்புத் திறனுக்கு −1.03 என்று கண்டவுடன், திறன் கூடினால் கூட்டு மதிப்பெண் சரசரவென்று இறங்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார். லோடிங்கைப் பார்த்தால் கதை மாறுகிறது. லோடிங் என்பது ஒரு தேர்வுக்கும் அதன் தொகுதியின் கூட்டு மதிப்பெண்ணுக்கும் இடையிலான நேரடி ஒட்டுறவு. வாசிப்பு வேகத்தின் லோடிங் 0.61, வாசிப்புத் திறனுடையது −0.23 மட்டுமே. கணக்கு வேகம் 0.91, கணக்குத் திறன் 0.02. கணக்குக் கூட்டு மதிப்பெண் என்று நாம் அழைப்பது ஏறத்தாழ முழுக்க முழுக்கக் கணக்கு வேகம்தான் என்பது இங்கேதான் தெரிகிறது.

எடை −1.03, லோடிங் −0.23. ஏன் இவ்வளவு இடைவெளி? வாசிப்பு வேகமும் திறனும் தமக்குள் 0.63 அளவுக்குப் பின்னிக் கிடக்கின்றன. வேக மதிப்பெண்ணுக்குள் கொஞ்சம் திறனும் கலந்திருக்கிறது. அந்தக் கலப்பு கணக்கு வேகத்தோடு உறவில்லாத பகுதி. திறனுக்குக் கழித்தல் குறி கொடுத்து அதைச் சேர்க்கும்போது, வேகத்திலிருந்து அந்தக் கலப்பு வடிகட்டப்படுகிறது. வாசிப்பு வேகத்தை மட்டும் எடுத்து இரண்டு கணக்குத் தேர்வுகளோடு பொருத்தினால் கிடைக்கும் பன்முக ஒட்டுறவு 0.25. தானாகக் கணக்கோடு சொல்லும்படியான உறவு எதுவும் காட்டாத வாசிப்புத் திறனையும் சேர்த்தவுடன் அது 0.39 ஆகிறது. இப்படி வேலை செய்யும் மாறியைப் புள்ளியியலில் அமுக்கி மாறி என்பார்கள்.

இதனால்தான் எடையையும் லோடிங்கையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் தர வேண்டும் என்கிறேன். லோடிங் 0.30க்குக் கீழே இருந்தால் அந்த வரியை நீக்கிவிடுவது பலருக்கு வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் வாசிப்புத் திறன் அட்டவணையிலிருந்தே காணாமல் போகும், 0.25 எப்படி 0.39 ஆனது என்பதற்கான ஒரே தடயமும் அதோடு போய்விடும். எண்ணைத் தடித்த எழுத்தில் காட்ட வேண்டுமானால் காட்டலாம், வரியை எடுக்கக் கூடாது.

குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஜோடியின் எல்லா எடைகளையும் லோடிங்குகளையும் ஒரே நேரத்தில் கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாற்றினால் எதுவும் கெடுவதில்லை. ஒரு மென்பொருள் −0.61 என்றும் இன்னொன்று 0.61 என்றும் தந்தால் பதற வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால்தான் ஒட்டுறவின் குறியும் மாறிப்போகும்.

அடுத்தது ரிடன்டன்சி. கனானிக்கல் ஒட்டுறவின் வர்க்கம் 0.156. இதை வைத்து ‘வாசிப்பில் உள்ள வேறுபாடுகளில் 16 சதவீதத்தைக் கணக்கு விளக்குகிறது’ என்று எழுதுவதுதான் இத்துறையில் நான் அதிகம் காணும் தவறு. அந்த 16 சதவீதம் இரண்டு கூட்டு மதிப்பெண்களுக்கு இடையிலான பங்கு. கூட்டு மதிப்பெண் தன் சொந்தத் தேர்வுகளையே எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். லோடிங்குகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் அது தெரியும். வாசிப்பில் 0.61இன் வர்க்கமும் 0.23இன் வர்க்கமும் சேர்ந்து சராசரி 0.21. அதாவது வாசிப்புத் தேர்வுகளின் மொத்த ஏற்ற இறக்கத்தில் 21 சதவீதத்தைத்தான் அதன் கூட்டு மதிப்பெண்ணே பிடித்து வைத்திருக்கிறது. அந்த 0.21ஐ 0.156ஆல் பெருக்கினால் 0.033. கணக்கின் கூட்டு மதிப்பெண் வாசிப்பில் விளக்குவது 3.3 சதவீதம்.

டக்ளஸ் ஸ்டூவர்ட்டும் வில்லியம் லவ்வும் 1968இல் முன்வைத்த அளவு இது. இதற்குத் திசை உண்டு. கணக்குத் தொகுதியின் லோடிங்குகளை எடுத்து அதே பெருக்கலைச் செய்தால் 0.065 வருகிறது, வாசிப்பின் கூட்டு மதிப்பெண் கணக்கில் விளக்குவது 6.5 சதவீதம். கனானிக்கல் ஒட்டுறவு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே, ரிடன்டன்சி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. ஆகவே எந்தத் தொகுதியை எது விளக்குகிறது என்று வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். SPSS தரும் முடிவில் `Set 1 by Self`, `Set 1 by Set 2` என்று இரண்டு நெடுவரிசைகள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது அந்த 21 சதவீதம், இரண்டாவதுதான் ரிடன்டன்சி. நெடுவரிசை மாறி எழுதினால் 3.3 என்பது 21 ஆகிவிடும்.

தவறு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எல்லா ஜோடிகளின் ரிடன்டன்சியையும் கூட்டினால், அந்தத் தொகுதியின் ஒவ்வொரு மாறியையும் எதிர்த் தொகுதி முழுவதையும் வைத்துச் சாதாரண ரிக்ரஷன் செய்தால் வரும் R² மதிப்புகளின் சராசரி கிடைக்க வேண்டும். இங்கே வாசிப்பு வேகத்துக்கு R² 0.0605, வாசிப்புத் திறனுக்கு 0.0127, சராசரி 0.0366. ரிடன்டன்சியில் முதல் ஜோடி 0.0329, இரண்டாவது 0.0037, கூட்டினால் அதே 0.0366. கிராமரும் நைஸ்வாண்டரும் 1979இல் சுட்டிய குறையும் இதில்தான் இருக்கிறது. மொத்த ரிடன்டன்சி என்பது தனித்தனி ரிக்ரஷன்களின் சராசரி. தொகுதிகளுக்கு இடையிலான கூட்டு உறவை அது அளப்பதில்லை. அது உண்மை. என்றாலும் 0.39ஐப் பார்த்து உருவாகும் மிகையான எண்ணத்தைத் தணிக்க இதைவிட நேரான எண் எனக்குத் தெரியாது.

கையில் ஒட்டுறவு அட்டவணை மட்டும் இருந்தால்கூட R மென்பொருளில் இவ்வளவையும் எடுத்துவிடலாம்:

```
R11 <- matrix(c(1, .6328, .6328, 1), 2)
R22 <- matrix(c(1, .4248, .4248, 1), 2)
R12 <- matrix(c(.2412, -.0553, .0586, .0655), 2)
e <- eigen(solve(R11) %*% R12 %*% solve(R22) %*% t(R12))
sqrt(e$values)
a <- e$vectors[, 1]
a <- a / sqrt(drop(t(a) %*% R11 %*% a))
R11 %*% a
```

ஐந்தாவது வரி கனானிக்கல் ஒட்டுறவுகளைத் தரும், கடைசி வரி வாசிப்பின் லோடிங்குகளை. மூலத் தரவை வைத்து `cancor()` கட்டளையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தரும் எடைகள் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியதாக இருக்கும். மாறிகளைத் திட்டப்படுத்தி உள்ளிட்ட பிறகும், மாதிரி அளவிலிருந்து ஒன்றைக் கழித்து அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால்தான் அட்டவணையில் போட வேண்டிய எடை வரும்.

சோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. வில்க்ஸ் லாம்டா சோதனையின் முதல் வரி முதல் ஜோடியை மட்டும் சோதிப்பதில்லை, எல்லா ஜோடிகளையும் சேர்த்துச் சோதிக்கிறது. அடுத்த வரி, முதல் ஜோடியை எடுத்துவிட்ட பின் மிஞ்சியதைச் சோதிக்கிறது. இதையெல்லாம் சேர்த்து முடிவுப் பகுதியை எழுதினால் இப்படி வரும்:

‘இரண்டு ஜோடிகளையும் சேர்த்துச் சோதித்தபோது தொகுதிகளுக்கு இடையே உறவு இருப்பது தெரிந்தது (Λ = 0.840, χ²(4) = 23.74, p < 0.001). முதல் ஜோடியை நீக்கிய பின் எஞ்சியதில் உறவு தென்படவில்லை (χ²(1) = 0.65, p = 0.42), எனவே முதல் ஜோடி மட்டும் விளக்கப்படுகிறது (கனானிக்கல் ஒட்டுறவு 0.39). கணக்குப் பக்கத்தில் வேகமே மேலோங்குகிறது (லோடிங் 0.91). வாசிப்புப் பக்கத்தில் வேகம் 0.61, திறன் −0.23, திறனின் எடை −1.03 என்பதால் அது அமுக்கி மாறியாகச் செயல்படுகிறது. இந்த ஜோடியின் வழியாகக் கணக்கு வாசிப்பில் 3.3 சதவீதத்தையும், வாசிப்பு கணக்கில் 6.5 சதவீதத்தையும் விளக்குகிறது.’

140 பேர் இதற்குப் போதுமா? முதல் ஜோடியை நம்பி விளக்க, மாறி ஒன்றுக்கு 20 பேராவது வேண்டும் என்று பார்சிகோவ்ஸ்கியும் ஸ்டீவன்ஸும் 1975இல் கணினிப் போலித் தரவுகளைக் கொண்டு சொன்னார்கள். நான்கு மாறிகளுக்கு 80 பேர் என்பதால் இங்கே தேறுகிறது. ஆனால் இந்த முறை ஒட்டுறவை உச்சத்துக்குக் கொண்டுபோகும் எடைகளைத் தேடிப் பிடிக்கிறது; அந்த மாதிரியின் தற்செயல்களும் அந்த எடைகளில் ஏறிக்கொள்ளும். அமுக்கி மாறி போன்ற ஒன்றைச் சொல்லும்போது, பாதி மாணவர்களிடம் எடையைக் கண்டு, மீதிப் பாதியிடம் அதே எடையைப் போட்டு 0.39 எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

ஹோட்டலிங்கின் மாணவர்களுக்கு அதை இப்போது நாம் செய்ய முடியாது. நாம் வைத்து வேலை செய்தது மூல மதிப்பெண்கள் அல்ல, ஆறு ஒட்டுறவு எண்கள்தான். ஆனால் அந்த ஆறும் நான்கு தசம இடங்களோடு அச்சில் இருந்தன. 1936இல் ரிடன்டன்சி என்ற அளவே கிடையாது. 32 ஆண்டுகள் கழித்துத்தான் அது வந்தது. மேலே உள்ள 3.3உம் 6.5உம், ஒவ்வொரு லோடிங்கும், அந்த ஆறு எண்களிலிருந்து கணக்கிட்டவை.