ஒரு அட்டை, மூன்று தேதிகள்

2004-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள்பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த குழு ஒன்று ஹைதராபாத்தில் இருந்து வேலை செய்தது. சின்ன மாற்றம் கேட்டாலும் கைக்கு வரச் சுமார் ஐந்து மாதம் ஆனது. அதில் நிரல் எழுதிச் சோதித்த நேரமோ இரண்டு வாரத்துக்கும் குறைவு!

கேட்ட நாளிலிருந்து கைக்கு வரும் நாள் வரை ஆவது லீட் டைம். வேலையைத் தொட்ட நாளிலிருந்து முடியும்வரை ஆவது சைக்கிள் டைம். மீதி முழுக்கக் காத்திருப்பு. அந்தக் குழுவில் புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உடனே மதிப்பீடு தர வேண்டியிருந்தது. கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு அதைச் செய்தார்கள். மேலாளர் டிராகோஸ் டுமிட்ரியுவும் ஆலோசகர் டேவிட் ஆண்டர்சனும் அந்த மதிப்பீட்டை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையிலெடுக்கும் வேலைக்கும் வரம்பு வைத்தார்கள். நிரல் எழுதும் முறை மாறவில்லை. ஒன்பது மாதத்தில், மாதக்கணக்காக இருந்த லீட் டைம் சில வாரங்களாகச் சுருங்கியது.

இதை அளக்க ஒரு பலகை போதும். ‘கேட்டவை’, ‘செய்பவை’, ‘முடிந்தவை’ என்று மூன்று பத்தி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அது ஒவ்வொரு பத்திக்குள் நுழையும்போதும் அன்றைய தேதியை அதில் எழுத வேண்டும். ‘ரசீதில் ஜிஎஸ்டி எண் அச்சாக வேண்டும்’ என்று ஒரு அட்டை இருப்பதாகக் கொள்வோம். கேட்டது மார்ச் 3, தொடங்கியது 20, முடிந்தது 25. சைக்கிள் டைம் 5 நாள், லீட் டைம் 22 நாள். ஐந்தை நான்காகக் குறைக்கப் பாடுபட்டாலும் வாடிக்கையாளருக்கு மிச்சமாவது ஒரே நாள். கைவைக்க வேண்டிய இடம் அந்த 17 நாள் காத்திருப்பு.

வேலை பாதியில் நின்று, அட்டை மறுபடி ‘கேட்டவை’க்குப் போனால் பழைய தேதியை அழிக்கக் கூடாது. அழித்தால் சைக்கிள் டைம் அழகாகத் தெரியும், ஆனால் அது பொய்க் கணக்கு.

சராசரியும் ஏமாற்றும். முடிந்த பத்து அட்டைகளின் லீட் டைம் 8, 9, 11, 12, 14, 15, 18, 20, 22, 61 நாள் என்றால் சராசரி 19. அதை நம்பி 19 நாளில் தருவதாகச் சொல்லியிருந்தால் பத்தில் மூன்று முறை வாக்குத் தவறியிருக்கும். 22 நாள் என்று சொல்லியிருந்தால் ஒன்பது முறை காப்பாற்றியிருக்கலாம். அந்த 61 நாள் அட்டை எங்கே நின்றது என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் முடிந்த அட்டைகள் மட்டுமே வரும். ‘செய்பவை’யில் முடியாமல் கிடக்கும் அட்டை எந்தச் சராசரியிலும் சேராது. அதனால் வாரம் ஒருமுறை, முடியாத ஒவ்வொரு அட்டைக்கும் கேட்ட நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ண வேண்டும். 22-ஐ நெருங்குகிற அட்டையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.