தண்டின் வடிவம் முதலில், நிறம் கடைசியில்

பழைய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை விலைபேசும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஸ்விட்ச்?" என்பதுதான். "ப்ளூ ஸ்விட்ச்" என்று பதில் வரும். கூடவே, ஒரு கீகேப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் எடுத்த செல்போன் படமும் வரும். படத்தில் நீலமாக ஏதோ தெரிகிறது. சரி, ப்ளூதான் என்று பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் நிறத்தைவிட நம்பகமான தடயங்கள் பல இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால், கீபோர்டைத் தொடாமலேயே அதைப் பற்றிப் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. பிளாஸ்டிக் கூடு, அதற்குள் மேலும் கீழும் நகரும் தண்டு, அதைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங், மின்தொடர்பு கொடுக்கும் மெல்லிய உலோகத் தகடு ஆகியவை அதன் உறுப்புகள். விரல் படும் கீகேப் அந்தத் தண்டின் தலையில் செருகப்பட்டிருக்கும். ஸ்விட்சின் குணம் மூன்று வகை. தடங்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவது லீனியர். நடுவில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படுவது டேக்டைல். அந்த மேட்டோடு 'டிக்' என்ற ஒலியும் வருவது கிளிக்கி.

தண்டின் தலை

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்டின் தலை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை. கூட்டல் குறி போலச் சிலுவையாக இருந்தால், அது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவம். அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களும் அதே சிலுவையோடு ஸ்விட்ச் செய்கின்றன. ஆகவே சிலுவையைப் பார்த்ததும் "இது செர்ரி" என்று சொல்ல முடியாது. "எம்எக்ஸ் கீகேப் இதில் பொருந்தும்" என்பது மட்டும்தான் உறுதி.

சிலுவையைச் சுற்றி நான்கு பக்கமும் சிறு சுவர் எழும்பியிருந்தால் அது பெரும்பாலும் கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகை. தலையில் நீள்சதுரமான ஒற்றைப் பள்ளம் இருந்தால் ஆல்ப்ஸ் வகை. பழைய கணினிகளின் கீபோர்டுகளில் அதிகம் காணலாம். பக்கத்துப் பக்கமாக இரண்டு சிறு பிளவுகள் தெரிந்தால் கைல் சாக் எனப்படும் உயரம் குறைந்த ஸ்விட்ச். வட்டமான குழல் தெரிந்தால் ஜப்பானின் டோப்ரேயாக இருக்கலாம். இந்த மூன்றிலும் சாதாரண எம்எக்ஸ் கீகேப் உட்காராது. புது கீகேப் வாங்கும் எண்ணம் இருப்பவருக்கு இந்த ஒரு பார்வையே பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீளமான கீகளைக் கழற்றி எடுத்த படத்தில் பல சமயம் ஒன்றுக்கு மூன்று சிலுவைகள் தெரியும். நடுவில் இருப்பதுதான் ஸ்விட்ச். இரண்டு ஓரங்களிலும் இருப்பவை, நீளமான கீ சாயாமல் இறங்குவதற்காக வைத்த ஸ்டெபிலைசர்கள். அவற்றின் நிறத்துக்கும் ஸ்விட்சின் வகைக்கும் தொடர்பில்லை. சில கீபோர்டுகளில் ஸ்பேஸ் பாருக்கு மட்டும் கடினமான ஸ்விட்ச் போட்டிருப்பார்கள். எனவே சாதாரண எழுத்துக் கீயைக் கழற்றிய படத்தைக் கேட்பதே சரி.

கூட்டின் மேல் இருக்கும் பெயர்

அடுத்தது மேல்கூடு. பெரும்பாலான ஸ்விட்சுகளில் தண்டுக்கு ஒரு பக்கம் நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் இந்த எழுத்து காணாமல் போய்விடும். செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் எழுத்தின் விளிம்புகளில் நிழல் விழுந்து படிக்க முடியும். பெயருக்கு எதிர்ப்பக்கம் எல்இடி விளக்குக்கான திறப்பு இருக்கும். அது திரையை நோக்கி இருக்கிறதா, தட்டச்சு செய்பவரை நோக்கி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கீகேப் வாங்கும்போது அது தேவைப்படும்.

பெயர் ஏன் இத்தனை முக்கியம்? வெள்ளைத் தண்டை எடுத்துக்கொள்வோம். செர்ரி எம்எக்ஸ் கிளியரின் தண்டு பால்வெள்ளை. அது அழுத்தமான டேக்டைல். கேட்டரான் கிளியரின் தண்டும் வெளிர்வெள்ளைதான். அது மிக மென்மையான லீனியர். கைல் பாக்ஸ் ஒயிட்டும் வெள்ளை, அது கிளிக்கி. ஒரே நிறத்துக்குள் மூன்று குணமும் அடங்கிவிடுகின்றன. சிவப்பு என்றால் லீனியர், பழுப்பு என்றால் டேக்டைல், நீலம் என்றால் கிளிக்கி என்பது செர்ரி போட்ட பாதை. மற்றவர்கள் பெரும்பாலும் அதன் வழியே நடக்கிறார்கள். ஆனாலும் நடந்தே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

போதாததற்கு, கேமராவும் நிறத்தை மாற்றும். மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளைத் தண்டு மஞ்சளாகும். பழுப்பு சிவப்பை நோக்கி நகரும். பக்கத்துக் கீகேப்பில் உள்ள வெள்ளை எழுத்து படத்தில் எந்த நிறமாகத் தெரிகிறது என்று பாருங்கள். அதுவே மஞ்சளடித்திருந்தால் தண்டின் நிறத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேல்கூடு கண்ணாடி போல இருந்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். செர்ரி ப்ளூவும் அதைப் பின்பற்றிய நீல ஸ்விட்சுகளும் இரண்டு துண்டாலான தண்டு கொண்டவை. நீலத் துண்டுக்குக் கீழே வெள்ளையாக ஒரு தளர்ந்த சட்டை இருக்கும். கீயை அழுத்தும்போது அந்தச் சட்டை சட்டென்று கீழே பாய்வதால்தான் 'டிக்' ஒலி பிறக்கிறது. கண்ணாடிக் கூட்டினூடே நீலத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அது கிளிக்கி என்று துணிந்து சொல்லலாம். கைல் பாக்ஸில் ஒலியை எழுப்புவது ஒரு கம்பி என்பதால் அங்கே இந்தச் சட்டையைத் தேடக் கூடாது.

கீகேப்பின் உடல்வாகு

கீகேப் புரொஃபைல் என்பது அதன் உயரம், சாய்வு, மேற்பரப்பின் குழிவு மூன்றும் சேர்ந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் இதைப் பிடிக்கவே முடியாது. பக்கவாட்டுப் படம்தான் வேண்டும்.

முதலில் வரிசைகளைப் பாருங்கள். எண் வரிசை உயர்ந்து, நடுவரிசை தாழ்ந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு சாய்வில் இருந்தால் அது செதுக்கிய வகை. செர்ரி, ஓஇஎம், எஸ்ஏ மூன்றையும் பொதுவாக இப்படித்தான் பார்ப்பீர்கள். எல்லா வரிசையும் ஒரே உயரத்தில், ஒரே மட்டத்தில் இருந்தால் டிஎஸ்ஏ அல்லது எக்ஸ்டிஏ போன்ற சமவகை.

அடுத்து குழிவு. கீகேப்பின் மேல்விளிம்பு முன்னாலிருந்து பார்க்கும்போது வளைந்தும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது நேராகவும் இருந்தால் அது உருளைக் குழிவு. செர்ரியும் ஓஇஎம்மும் இந்த வகை. எந்தப் பக்கம் பார்த்தாலும் கிண்ணம் போல வளைந்திருந்தால் கோளக் குழிவு. எஸ்ஏ, டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ இந்த வகை.

இந்த இரண்டு கேள்விகளிலும் பிரிக்க முடியாமல் நிற்பவை செர்ரியும் ஓஇஎம்மும். இரண்டுமே செதுக்கியவை, இரண்டுமே உருளைக் குழிவு. வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. எண் வரிசையின் கீகேப் செர்ரியில் சுமார் 9.5 மில்லிமீட்டர், ஓஇஎம்மில் கிட்டத்தட்ட 12. இரண்டரை மில்லிமீட்டரைப் படத்தில் கண்ணால் மதிப்பிடுவது கடினம். விகிதமாக மாற்றினால் எளிது. ஒரு எழுத்துக் கீகேப்பின் அடி அகலம் எந்தப் புரொஃபைலானாலும் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர்தான். எனவே எண் வரிசைக் கீகேப்பின் உயரம் அடி அகலத்தில் பாதியைச் சற்றே தாண்டினால் செர்ரி; மூன்றில் இரண்டு பங்கை எட்டினால் ஓஇஎம்; அகலத்துக்குச் சமமாக நெருங்கினால் எஸ்ஏ.

இந்த அளவு சரியாக வர, கழற்றிய கீகேப்பை மேசையில் நிறுத்தி, கேமராவை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஒரு கை நீளம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். மிகக் கிட்டே போனால் கேமராவுக்கு அருகிலுள்ள அடிப்பகுதி பெருத்துத் தெரியும், விகிதம் பிசகிவிடும்.

ஒரு படத்தைப் படித்துப் பார்ப்போம்

"செர்ரி ப்ளூ ஸ்விட்ச், செர்ரி புரொஃபைல்" என்ற குறிப்போடு ஒரு கீபோர்டு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்தில் எண் வரிசையின் '1' கழற்றப்பட்டிருக்கிறது. தண்டின் தலை சிலுவை, சுற்றுச்சுவர் இல்லை. ஆக எம்எக்ஸ் வடிவம், பாக்ஸ் அல்ல. மேல்கூடு கண்ணாடி. அதில் பதிந்த எழுத்தைப் பெரிதாக்கினால் அவுட்டெமு என்று வருகிறது. "செர்ரி" என்ற சொல் இங்கேயே விழுந்துவிட்டது. தண்டு நீலம், கூட்டினூடே அடியில் வெள்ளைச் சட்டை தெரிகிறது. "ப்ளூ, கிளிக்கி" என்பது மட்டும் நிற்கிறது. எல்இடி திறப்பு திரையை நோக்கி இருக்கிறது.

இரண்டாவது படத்தில் அந்த '1' கீகேப் மேசைமேல் பக்கவாட்டில் நிற்கிறது. படத்தில் அதன் அடி அகலம் 360 பிக்சல், உயரம் 236 பிக்சல். வகுத்தால் 0.66, மூன்றில் இரண்டு பங்கு. 18 மில்லிமீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 11.8. இது ஓஇஎம். ஆக விற்பவரின் குறிப்பில் இரண்டு இடத்திலும் "செர்ரி" தவறு. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. சிலுவைத் தண்டு எதையும் செர்ரி என்றே அழைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் விலையை அந்தப் பெயருக்காகக் கூட்டியிருந்தால் குறைத்துக் கேட்க உங்களிடம் காரணம் இருக்கிறது.

இதே கீபோர்டுக்கு உண்மையான செர்ரி புரொஃபைல் கீகேப் வாங்கி மாட்ட நினைத்தால், முன்பு குறித்துவைத்த எல்இடி திறப்பு இப்போது பேசும். திறப்பு திரையை நோக்கியிருக்கும் கீபோர்டில், நடுவரிசையின் செர்ரி கீகேப் முழுக்க இறங்குமுன் கீழ்விளிம்பு ஸ்விட்சின் கூட்டில் இடிக்க வாய்ப்பு உண்டு. எல்லா ஸ்விட்சிலும் இப்படி நடக்காது. ஆனாலும் அந்த வரிசையில் மட்டும் ஒலியும் தொடுகையும் மாறினால் காரணம் இதுதான். உயரமான ஓஇஎம்மில் இந்தத் தொல்லை வராது.

படம் சொல்லாத செய்திகளும் உண்டு. உள்ளே ஸ்பிரிங்கை மாற்றியிருந்தாலோ, மசகு தடவியிருந்தாலோ வெளியே தெரியாது. மேல்கூடு கறுப்பாக இருந்து, பெயரும் தேய்ந்திருந்தால் லீனியரா டேக்டைலா என்பதற்கு நிறத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஸ்விட்சைப் பிரித்து, தண்டின் பக்கவாட்டுக் கால்களைக் காட்டும் படம் ஒன்று கிடைத்தால் அந்தச் சந்தேகமும் தீரும்: கால்கள் நேர்ச்சரிவாக இருந்தால் லீனியர், நடுவில் மேடு தெரிந்தால் டேக்டைல்.

எனவே விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். எழுத்துக் கீ ஒன்றைக் கழற்றி, பக்க வெளிச்சத்தில் மேலிருந்து எடுத்தது. எண் வரிசைக் கீகேப்பை மேசைமேல் நிறுத்திப் பக்கவாட்டில் எடுத்தது. எல்லா வரிசைகளும் தெரிய கீபோர்டைப் பக்கவாட்டில் எடுத்தது. கூடவே பத்து வினாடி தட்டச்சு செய்யும் ஒலிப்பதிவும் வந்தால், கிளிக்கியா இல்லையா என்பதை உங்கள் காதே முடிவு செய்துவிடும்.