பதினோரு மணி இடைவேளையும் பிள்ளையின் கடைவாய்ப் பல்லும்

தொடர் – 6

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடும் அந்தப் பல், ஆயுளுக்கும் ஒருமுறைதான் முளைக்கிறது. அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. முளைத்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் எனாமல் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. அந்த ஆண்டுகளில்தான் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை படிக்கிறது. பள்ளிக்கு எடுத்துப்போகும் சிற்றுண்டிப் பெட்டியும் அப்போதுதான் அதன் வாழ்க்கைக்குள் வருகிறது.

சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, வேலந்தாவளம் பக்கமானாலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தோட்டங்களானாலும் நம் பிள்ளைகளின் பள்ளி நாள் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடக்கிறது. காலை பத்து மணி அளவில் வகுப்பு தொடங்கும். பதினோரு மணியை ஒட்டி ஒரு சிறு இடைவேளை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை மதியச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆகவே பள்ளி நேரத்தில் பிள்ளை என்ன தின்கிறது என்பதில் வீட்டின் கையில் இருப்பது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். அதற்குள் பெரும்பாலும் கிரீம் பிஸ்கட், ரஸ்க், வர்க்கி, ஜாம் தடவிய ரொட்டி, சிப்ஸ் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். விடிந்ததும் கொழுந்து பறிக்கக் கிளம்பவேண்டிய தாய்க்கு, உறையைப் பிரித்துப் பெட்டியில் போட்டால் வேலை முடிகிறது. அதே அளவு சுலபமான மாற்று இல்லாமல் பிஸ்கட் வேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை.

மாற்றைத் தேடும் முன், பல்லுக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்துகொள்வோம். பல்லின் மேல் படியும் அழுக்கில் கிருமிகள் வாழ்கின்றன. சர்க்கரையோ மைதா மாவோ வந்தால் அவை அதைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. வாயின் அமில அளவைச் சொல்லும் எண் 5.5 என்ற கோட்டுக்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே இந்த இறக்கம் நடந்துவிடுகிறது. உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, வாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். ராபர்ட் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களில் இதை அளந்து காட்டினார். மீண்ட பிறகு, கரைந்த கால்சியம் ஓரளவு பல்லுக்குத் திரும்பவும் செய்கிறது. ஆனால் திரும்புவதற்குள் அடுத்த இனிப்பு வந்துவிட்டால், இழப்பு மட்டுமே கூடிக்கொண்டு போகும்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை, எவ்வளவு ஒட்டிக்கொள்ளும் இனிப்பு என்பதே முக்கியம் என்று தெளிவாகக் காட்டியது, ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் விபேஹோம் மருத்துவமனையில் 1945ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு. சாப்பாட்டோடு சர்க்கரை கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி கொடுக்கப்பட்டவர்களுக்கு அது பெருமளவு கூடியது. டாஃபியை நிறுத்தியதும் புதுச்சொத்தை குறைந்தது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளின் சம்மதம் பெறாமல் அவர்கள்மேல் நடத்திய ஆய்வு அது. அந்த அநீதியை மறக்காமல்தான் அதன் பாடத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து லயத்தில் இருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நாளை எண்ணிப் பார்ப்போம். ஆறரைக்குச் சர்க்கரை போட்ட தேநீர். எட்டு மணிக்கு இட்லி. பதினொன்றுக்கு பிஸ்கட். ஒரு மணிக்குப் பள்ளிச் சாப்பாடு. நாலேகாலுக்கு வீடு திரும்பும் வழியில் மிட்டாய். ஐந்துக்குத் தேநீரும் வர்க்கியும். எட்டுக்கு இரவுச் சாப்பாடு. ஆக ஏழு முறை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்று குறைவாக வைத்தாலும், மூன்றரை மணி நேரம் அந்தப் புதுப்பல் அமிலத்தில் நிற்கிறது.

இப்போது மூன்று மாற்றங்கள் மட்டும் செய்வோம். காலைத் தேநீரை எட்டு மணி இட்லியோடு சேர்த்துக் கொடுப்போம். மிட்டாயைப் பையில் வைத்திருந்து, ஐந்து மணித் தேநீரோடு தின்னச் சொல்வோம். பதினோரு மணிப் பெட்டியில் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் வைப்போம். ஏழு நான்காகிறது, மூன்றரை மணி நேரம் இரண்டாகிறது. மிட்டாயைக்கூடப் பறிக்கவில்லை. இந்த மூன்றில் பள்ளிக்குள், வீட்டார் கண்ணில் படாமல் நடப்பது இடைவேளைச் சிற்றுண்டி ஒன்றுதான். அதனால்தான் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியம்.

பிஸ்கட்டை விலக்கும்போது வழக்கமாக இரண்டு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, வெல்லத்துக்குத் தாவுவது. மறையூர்ச் சர்க்கரை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது; நம் மலையின் பெருமைக்குரிய பண்டம். ஆனாலும் வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரைதான், கருப்பட்டியும் அப்படியே. பல்லில் இருக்கும் கிருமிக்கு வெள்ளைச் சர்க்கரையும் வெல்லமும் ஒன்றுதான். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, சர்க்கரை வரட்டி இவை பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் இருக்கும். இவற்றை மதியச் சாப்பாட்டின் கடைசியில் தின்னலாம், இடைவேளைக்கு வேண்டாம்.

இரண்டாவது தவறு, இனிப்பில்லை என்று சிப்ஸையும் உப்பு பிஸ்கட்டையும் வைப்பது. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தின்ற பிறகு பல்லில் எது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்தது. ஒட்டும் என்று எல்லோரும் நினைத்த கேரமல் சீக்கிரம் கரைந்து போனது. ஒட்டாது என்று நினைத்த உருளைக்கிழங்கு சிப்ஸும் பிஸ்கட்டும் பசையாகிப் பல்லிடுக்கில் வெகுநேரம் நின்றன. அந்த மாவு வாயிலேயே சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம்: பிஸ்கட் தின்று பத்து நிமிடம் கழித்துப் பிள்ளையை வாய் திறக்கச் சொல்லி, கடைவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தில் வெள்ளைப் பசை தெரியும்.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம்? என் முதல் தேர்வு சுண்டல். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு மூன்றுமே மாவேலி ஸ்டோரில் மானிய விலையில் விற்கப்படுபவை. சிறு பிள்ளைக்கு 25 கிராம் உலர்ந்த கடலை போதும். ஊறினால் ஏறக்குறைய இரு மடங்காகும். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஒருநாள் செலவு இரண்டரை ரூபாய். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் பாதி. இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைக்கும்போதே ஊறப்போட்டுவிட்டால், காலையில் உப்புப் போட்டுக் குக்கரில் நான்கைந்து விசில். மூணாறு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் கடலை லேசில் வேகாது. குக்கரிலும் இரண்டு விசில் கூட்டி வையுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். அரைவேக்காட்டுக் கடலையைப் பிள்ளை மெல்லாமல் மூடிவைத்துத் திருப்பிக் கொண்டுவரும். ஊறப்போட மறந்த நாளில் பாசிப்பயறு கைகொடுக்கும், அது ஊறாமலே வெந்துவிடும்.

சித்தூர்ப் பக்கத்து வெயிலில் ஒரு கவனம் தேவை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் துருவிய தேங்காய் போட்ட சுண்டல் பதினோரு மணிக்குள் புளித்துப்போகலாம். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலைப் பொடி தூவுங்கள். சூடு ஆறிய பிறகே மூடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வேர்க்கடலை வைக்கலாம். கிழக்குச் சித்தூரில் அது நம் மண்ணிலேயே விளைகிறது. வேகவைத்தோ வறுத்தோ 25 கிராம். கிலோ 140 ரூபாய் என்றால் மூன்றரை ரூபாய். கடலையை மெல்லும்போது உமிழ்நீர் நன்றாகச் சுரந்து அமிலத்தைத் தணிக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு, இடித்துக் கொடுங்கள். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். மற்ற நாட்களில் வேகவைத்த முட்டை, தேங்காய்க் கீற்று, வெள்ளரிக்காய் வைக்கலாம். வட்டவடைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரட் தோட்டத்திலேயே கிடைக்கிறது. கப்பை, கேழ்வரகுப் புட்டு, உப்புக் கொழுக்கட்டை ஆகியவை இரண்டாம் வரிசை. மாவுச்சத்து உள்ளவை என்றாலும் பிஸ்கட்டைவிட மேல். பயறோ தேங்காயோ சேர்த்து வைத்து, தின்றதும் தண்ணீர் கொப்பளிக்கப் பழக்குங்கள். பெட்டியோடு போகும் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டுமே இருக்க வேண்டும். ஸ்குவாஷோ இனிப்புத் தேநீரோ இருந்தால், மடக்கு மடக்காகக் குடிக்கும் ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாகத் தொடங்கும். பெட்டியில் சுண்டல் வைத்த பயன் போய்விடும்.

அந்தத் தண்ணீர் எது என்பதில் சித்தூர்ப் பக்கத்தார் கவனமாக இருக்க வேண்டும். கிழக்குப் பாலக்காட்டின் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகும் தண்ணீரைச் சிறுவயதிலிருந்து குடித்தால் பல்லில் வெள்ளைக் கோடுகளும் பழுப்புக் கறையும் விழும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஆற்று நீர் வரும் குழாய் இருந்தால் அதையே பிடியுங்கள். பால், மோர், கேழ்வரகு போன்ற கால்சியம் உள்ள உணவுகள் குடலில் ஃபுளோரைடு சேர்வதைக் குறைக்கும். ஆனால் விழுந்துவிட்ட கறையைச் சிற்றுண்டியால் மாற்ற முடியாது.

இந்தக் கறையையும் சொத்தையையும் குழப்பிக்கொள்வது அந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. ஃபுளோரைடுக் கறை இடது வலது இரு பக்கமும் ஒரே ஜோடிப் பற்களில், குறுக்குக் கோடுகளாகத் தெரியும். சொத்தையின் தொடக்கம் ஈறை ஒட்டிய சுண்ணாம்பு வெள்ளைப் பட்டையாகவோ, கடைவாய்ப் பள்ளத்தில் கருங்கோடாகவோ வரும். பக்கத்துப் பல் நன்றாகவே இருக்கலாம். குழி விழாத அந்த வெள்ளைப் பட்டை, இடைவேளை இனிப்பை நிறுத்தி, இரவில் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்துத் தேய்த்துத் துப்பவைத்தால், கெட்டிப்பட வாய்ப்புண்டு. குழி விழுந்த பிறகு எந்தச் சுண்டலும் அதை அடைக்காது. பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பால்பல்லில் குழி விழுந்தால் எப்படியும் விழப்போகிற பல்தானே என்று காத்திருக்கலாமா? அதைப் பிடுங்கிவிட்டால் பின்னால் வரும் பல்லுக்கு என்ன ஆகும்? அடுத்த வாரம் பார்ப்போம்.