நடு ஜோடி எந்த நம்பர்?

ஒரு செருப்புக் கடையில் ஒரு வாரத்தில் 47 ஜோடி ஆண்கள் ஷூ விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் புத்தகத்தைப் பார்த்து நம்பர் வாரியாக எண்ணினால் இப்படி வருகிறது: ஐந்தாம் நம்பர் 4 ஜோடி, ஆறு 13, ஏழு 11, எட்டு 9, ஒன்பது 6, பத்து 3, பதினொன்று 1. வாங்கியவர்களில் நடுவில் நிற்பவருக்கு எந்த நம்பர் கால்?

சராசரி போட்டால் 7.28 வரும். அந்த அளவில் எந்தக் கடையிலும் ஷூ கிடையாது. அதிகம் விற்றது ஆறாம் நம்பர்; பள்ளிப் புத்தகம் இதை முகடு என்கிறது. ஆனால் அதிகம் விற்றது நடுவில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நாம் தேடுவது இடைநிலை அளவு. 47 ஜோடியையும் சின்னதிலிருந்து பெரியதுவரை தரையில் வரிசையாக அடுக்கினால், சரியாக நடுவில் வரும் ஜோடியின் நம்பர் அது.

47 ஒற்றைப்படை என்பதால் நடு ஜோடி 24-ஆவது. அதற்கு முன்னால் 23 ஜோடி, பின்னால் 23 ஜோடி. அதைக் கண்டுபிடிக்க நிஜமாகவே அடுக்க வேண்டியதில்லை. விற்ற எண்ணிக்கைகளை மேலிருந்து கீழே ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே வந்தால் போதும்.

| நம்பர் | விற்ற ஜோடி | கூட்டிவந்தது |
|---|---|---|
| 5 | 4 | 4 |
| 6 | 13 | 17 |
| 7 | 11 | 28 |
| 8 | 9 | 37 |
| 9 | 6 | 43 |
| 10 | 3 | 46 |
| 11 | 1 | 47 |

மூன்றாவது பத்திக்குக் குவிவு நிகழ்வெண் என்று பெயர். அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும், வரிசையில் அந்த நம்பரின் கடைசி ஜோடி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று சொல்கிறது. ஆறாம் நம்பரின் கடைசி ஜோடி 17-ஆவது. அப்படியானால் 18-லிருந்து 28 வரை எல்லாம் ஏழாம் நம்பர். நமக்கு வேண்டிய 24 அதற்குள் விழுகிறது. இடைநிலை அளவு 7.

விடை 24 அல்ல, 28-உம் அல்ல. 24 என்பது இடம், 28 என்பது எண்ணிக்கை. கேட்டது ஷூ நம்பர். தேர்வுத் தாளில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு தவறும் உண்டு. அட்டவணையில் ஏழு வரி இருக்கிறது, நடு வரி எட்டாம் நம்பர், ஆகவே விடை 8 என்று எழுதிவிடுவது. ஒரு ஜோடி விற்ற பதினொன்றும் பதின்மூன்று ஜோடி விற்ற ஆறும் ஒரே எடை பெற்றுவிடுகின்றன என்பது அதன் கோளாறு. நாம் எண்ணுவது வரிகளை அல்ல, ஜோடிகளை.

சரிபார்க்க எளிய வழி, கீழிருந்து மேலே கூட்டுவது: 1, 4, 10, 19, 30. கீழிருந்தும் 24-ஆவது ஜோடி ஏழாம் நம்பரிலேயே வர வேண்டும்; வருகிறது. வேறு நம்பர் வந்தால் கூட்டலில் பிழை. ஆனால் நம்பர்கள் ஏறுவரிசையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை இந்தச் சோதனை காட்டாது; அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நன்றாக விற்றது முதலில் என்று எழுதிய பட்டியலைக் கூட்டினால் மூன்றாவது பத்திக்கு அர்த்தமே இருக்காது.

விற்பனை இரட்டைப்படையானால் நடுவில் இரண்டு ஜோடி நிற்கும். அடுத்த நாள் எட்டில் 6, ஒன்பதில் 3 ஜோடி கூடுதலாக விற்றால் மொத்தம் 56. இப்போது 28-ஆவதையும் 29-ஆவதையும் பார்க்க வேண்டும். ஏழாம் நம்பர் 28-உடன் முடிகிறது. 29 எட்டாம் நம்பர். இரண்டின் சராசரி 7.5. மொத்தத்தில் பாதி, கூட்டிவந்த பத்தியில் அப்படியே அகப்பட்டால், நடுக்கோடு இரண்டு நம்பர்களுக்கு இடையே போகிறது என்று அறியலாம். கணக்குப் புத்தகத்துக்கு 7.5 சரியான விடை. கடைக்காரர் அதை, வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏழு வரை, மீதிப் பாதி எட்டும் அதற்கு மேலும் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறைக்கு வெளியே இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பில் புத்தகம் விற்றதைத்தான் காட்டும், கேட்டதைக் காட்டாது. முதல் வாரத்தின் நடுவிலேயே ஒன்பதாம் நம்பர் தீர்ந்துபோய், பத்துப் பேர் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களையும் சேர்த்தால் மொத்தம் 57, நடு ஜோடி 29-ஆவது. ஏழு 28-லேயே முடிந்துவிடுவதால் இடைநிலை அளவு எட்டாகிவிடும். ஆகவே பில்லை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கிற கடைக்காரர், இருப்பு தீர்ந்த நம்பர்களைக் கேட்டு வந்தவர்களையும் தனியாகக் குறித்து வைத்து, அவர்களையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.